முதல் பென்ஷன் வந்த பிறகு ஆப்ஷனை மாற்ற முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பகுதி ஓய்வூதியர் சங்கத்தில் வாரம் இரண்டு நாள் படிவம் நிரப்பிக் கொடுக்க உட்காருகிறேன். தேசிய ஓய்வூதியத் திட்டமான என்பிஎஸ் முடித்தவர்களும், பணி ஓய்வில் கிடைத்த பணத்தை ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் போட்டு மாதப் பென்ஷன் வாங்குகிறவர்களும் அதிகம் வருகிறார்கள். முதல் பென்ஷன் வங்கிக் கணக்கில் விழுந்த வாரம்தான் பெரும்பாலோருக்கு "தப்பான ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்துவிட்டோமோ" என்று உறைக்கிறது. அவர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். மொத்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு ஆயுள் முழுக்கப் பென்ஷன் வாங்கும் ஒப்பந்தத்தை, அதாவது ஆன்யுட்டியைப் பற்றித்தான் பேச்சு. ஆப்ஷன் என்றால், பென்ஷன் உங்களுக்கு மட்டுமா, மனைவிக்கும் தொடருமா, இறந்த பிறகு கட்டிய பணம் திரும்புமா என்ற தேர்வு. அரசு நேரடியாகத் தரும் பென்ஷன் வேறு. அதற்குக் கடைசிப் பக்கம் ஒரு கேள்வி இருக்கிறது.

முதல் மாசப் பென்ஷன் அக்கவுண்ட்ல ஏறிடுச்சு சார். இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்றாங்க, நிஜமா?

முழு நிஜமில்லை. முதல் தவணை வந்துவிட்டது என்பதால் மட்டும் கதவு மூடுவதில்லை. கதவு மூடுவது "ஃப்ரீ லுக்" என்று சொல்லும் கால அவகாசம் முடியும்போது. பாலிசி கைக்கு வந்த பிறகு படித்துப் பார்த்து, வேண்டாமென்றால் திருப்பிக் கொடுப்பதற்காகக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வைத்திருக்கும் அவகாசம் அது. இப்போது 30 நாள்.

அந்த 30 நாளுக்குள் முதல் பென்ஷன் வந்திருந்தாலும் பாலிசியை ரத்து செய்யக் கேட்கலாம். 30 நாள் கடந்துவிட்டால், ஒரு ரூபாய்கூட இன்னும் வரவில்லை என்றாலும் ஆப்ஷன் நிலைத்துவிடும். அதனால் பென்ஷன் வந்த தேதியை விட்டுவிட்டு, பாலிசி வந்த தேதியைத் தேடுங்கள். என்னிடம் வருகிறவர்களில் பலர் பாஸ்புக்கைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். பாலிசிப் பத்திரத்தை எடுத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது.

அந்த முப்பது நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணணும்? பணம் கட்டின தேதியா, பாலிசியில போட்ட தேதியா?

இரண்டும் இல்லை. பாலிசி ஆவணம் உங்களிடம் வந்து சேர்ந்த தேதியிலிருந்து. தபாலில் வந்திருந்தால் கவரில் உள்ள முத்திரையையும் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்ட தேதியையும் வைத்துக் கணக்குப் போடலாம். கவரைத் தூக்கிப் போடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை.

இப்போது பெரும்பாலும் மின்னஞ்சலில்தான் வருகிறது. மின்னணு வடிவில் வந்தாலும் வந்த தேதிதான் கணக்கு. நீங்கள் திறந்து படித்த தேதி இல்லை. என்பிஎஸ் கணக்கில் மகனுடைய மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருப்பார்கள். பாலிசி அவருக்குப் போயிருக்கும். அவர் வேறு ஊரில் இருப்பார், விளம்பர மெயில் என்று நினைத்து விட்டுவிடுவார். இப்படிப் போன நாட்களை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். பணம் கட்டியதும் அந்த முகவரியின் இன்பாக்ஸையும் ஸ்பாம் பெட்டியையும் தினம் பாருங்கள்.

எங்க ஏஜெண்ட் 15 நாள்னு சொன்னாரே?

பழைய கணக்கு. 2017ஆம் ஆண்டு விதிகளில் பொதுவாக 15 நாள். மின்னணு பாலிசிக்கும், நேரில் பார்க்காமல் தொலைபேசி, இணையம் வழியாக விற்றதற்கும் மட்டும் 30 நாள் என்று இருந்தது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் எல்லாவற்றுக்கும் 30 நாள் ஆக்கிவிட்டன. அதற்கு முன் வாங்கிய பழைய பாலிசியில் 15 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அவற்றுக்கெல்லாம் அவகாசம் எப்போதோ முடிந்துவிட்டது.

பத்திரமே இன்னும் வரல. ஆனா பென்ஷன் மட்டும் வந்துடுச்சு. இது எப்படி?

நடக்கிறதுதான். மாதாமாதம் பென்ஷன் என்று தேர்ந்தெடுத்திருந்தால், வாங்கிய நாளிலிருந்து ஒரு மாதம் முடிந்ததும் முதல் தவணை வரும். பத்திரம் தபாலில் அலைந்துகொண்டிருந்தால் பென்ஷன் முந்திக்கொள்ளும். பத்திரம் எந்த வடிவிலும் உங்களை வந்து சேரவில்லை என்றால் உங்கள் 30 நாள் இன்னும் தொடங்கவில்லை.

ஆனால் "வரவில்லை" என்பதை வாயால் சொன்னால் போதாது. மேலே சொன்ன மின்னஞ்சல் விஷயத்தை முதலில் சரிபாருங்கள். மெயிலிலும் இல்லை என்றால், பாலிசி நகல் வந்து சேரவில்லை என்று நிறுவனத்துக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். பின்னால் தேதித் தகராறு வந்தால் அந்தக் கடிதம்தான் உங்கள் பக்கம் பேசும்.

நான் வருஷத்துக்கு ஒரு தடவை பென்ஷன் வாங்குறேன். முதல் பணம் வரட்டும், பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னு இருக்கேன்.

அப்படி இருக்காதீர்கள். முதல் பணம் வர ஒரு வருடம் ஆகும். ஃப்ரீ லுக் அதற்குப் பதினோரு மாதம் முன்பே முடிந்திருக்கும். அரையாண்டு, காலாண்டு முறையிலும் இதே கதைதான். மாதமுறை எடுத்தவருக்கு மட்டும்தான் முதல் தொகையைக் கண்ணால் பார்த்துவிட்டு யோசிக்கச் சில நாட்களாவது மிஞ்சும். மற்றவர்கள் பாலிசிப் பத்திரத்தின் முதல் அட்டவணையைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். ஆப்ஷனின் பெயர், ஒரு தவணைத் தொகை, உங்களுக்குப் பிறகு பென்ஷன் தொடர வேண்டியவராக, அதாவது இரண்டாவது ஆயுளாக யார் பெயர் இருக்கிறது, இறந்த பிறகு என்ன கிடைக்கும் என்ற நான்கும் அதில் இருக்கும்.

ரத்து பண்ணா, வந்த பென்ஷனைத் திருப்பிக் கேப்பாங்களா?

தனியாகக் கேட்கமாட்டார்கள், கழித்துக்கொள்வார்கள். கட்டிய தொகையிலிருந்து அதுவரை தந்த பென்ஷனையும் முத்திரைத் தீர்வையையும் கழித்த மிச்சம்தான் திரும்பும். எல்ஐசி உள்பட நிறுவனங்களின் பாலிசி விதிகளில் இது எழுதியே இருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விகிதங்கள் புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. நிறுவனத்தையும் வயதையும் பொறுத்து மாறும். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற ஒருவர், என்பிஎஸ் கணக்கில் 50 லட்சம். அவருக்குக் குறைந்தது 40 சதவீதம் ஆன்யுட்டியில் போக வேண்டும், அதாவது 20 லட்சம். படிவத்தில் பார்த்ததில் அதிகத் தொகை காட்டிய ஆப்ஷனை டிக் செய்துவிட்டார்: அவர் ஆயுள்வரை மட்டும், பிறகு யாருக்கும் எதுவும் இல்லை. ஆண்டுக்கு 8.4 சதவீதம் என்றால் மாதம் 14,000 ரூபாய். ஜூலை 3 அன்று பாலிசி தொடங்கியது. ஜூலை 8 அன்று மின்னஞ்சலில் பாலிசி வந்தது. ஆகஸ்ட் 3 அன்று 14,000 கணக்கில் ஏறியது. மனைவி பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு "உங்களுக்கு அப்புறம் எனக்கு எவ்வளவு?" என்று கேட்ட பிறகுதான் பத்திரத்தைப் பிரித்தார்.

ஜூலை 8இலிருந்து 30 நாள் ஆகஸ்ட் 7இல் முடிகிறது. வந்து சேர்ந்த நாளையும் சேர்த்து எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள், அப்படி எண்ணினால் 6. நான் 6 என்றே வைத்துக்கொள்ளச் சொல்வேன். 5ஆம் தேதி கடிதம் கொடுத்தார் என்று வைப்போம். 20 லட்சத்தில் 14,000 போய், சிறு முத்திரைத் தீர்வையும் போய், ஏறக்குறைய 19,86,000 மிச்சம். அதை மனைவிக்கும் முழுப் பென்ஷன் தொடர்ந்து, இருவருக்கும் பிறகு கட்டிய பணம் பிள்ளைகளுக்குத் திரும்பும் ஆப்ஷனில் போடுகிறார். அதற்கு 6.6 சதவீதம் என்று வைத்தால் மாதம் சுமார் 10,920 ரூபாய். வந்த 14,000 அவர் கையிலேயே இருக்கிறது. பெரிய நஷ்டமில்லை. மூன்று நாள் தாமதித்திருந்தால், அவர் மனைவிக்கு எதுவும் இல்லாத 14,000 ஆயுளுக்கும் நின்றிருக்கும்.

அப்போ திரும்பி வர்ற பணம் என் கைக்கு வருமா? அதை பேங்க்ல போட்டுக்கலாம்னு பார்க்கிறேன்.

பணம் எங்கிருந்து போனதோ அங்கேதான் திரும்பும். சொந்தச் சேமிப்பிலிருந்து நேரே காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கியிருந்தால், உங்கள் கணக்குக்கே வரும். வங்கி டெபாசிட்டோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டமோ உங்கள் விருப்பம்.

என்பிஎஸ் பணம் என்றால் அப்படி இல்லை. அந்தப் பங்கு ஆன்யுட்டிக்கே போக வேண்டும் என்பது சட்டக் கட்டாயம். ரத்து செய்ததால் அந்தக் கட்டாயம் நீங்காது. மற்றொரு நிறுவனத்திலோ மற்றொரு ஆப்ஷனிலோ மறுபடி ஆன்யுட்டி வாங்கத்தான் முடியும். பழைய நிறுவனத்தின் ஓய்வூதியத் திட்டத்திலிருந்து மாறி வந்த பணத்துக்கும் பெரும்பாலும் இதே வழிதான். மறுபடி வாங்கும்போது அன்றைய விகிதம்தான் கிடைக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். பழைய விகிதத்தை யாரும் உங்களுக்காகப் பிடித்து வைத்திருக்கமாட்டார்கள்.

எனக்கு ஆப்ஷனை மட்டும் மாத்தினா போதும். எதுக்கு மொத்தமா ரத்து பண்ணணும்?

பாலிசி ஓடும்போது உள்ளே ஆப்ஷனை மாற்றும் வசதி கிடையாது. எல்ஐசியின் ஜீவன் அக்ஷய் 7இல் ஏ முதல் ஜே வரை பத்து ஆப்ஷன்கள் உண்டு. ஒரு முறை தேர்ந்தெடுத்ததை மாற்ற முடியாது என்று அதன் விளக்கக் குறிப்பே சொல்கிறது. மற்ற நிறுவனங்களிலும் அப்படித்தான். என்பிஎஸ் பக்கம் ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையமான பிஎஃப்ஆர்டிஏவும் இதையே சொல்கிறது: ஆன்யுட்டி வாங்கிய பிறகு ரத்துக்கோ வேறு திட்டத்தில் மறுமுதலீட்டுக்கோ இடமில்லை, ஃப்ரீ லுக் காலத்துக்குள் தவிர.

காரணம் பிடிவாதம் இல்லை. உங்களுக்கு மட்டும் என்ற ஆப்ஷனில் அதிக விகிதம் கொடுப்பதற்கு, சீக்கிரம் இறப்பவர்களின் பணம் நீண்ட நாள் வாழ்பவர்களுக்குப் போகிறது என்பதே அடிப்படை. உடம்பு சரியில்லாமல் போகும்போது எல்லோரும் மனைவிக்கும் வரும் ஆப்ஷனுக்கு மாறலாம் என்றால் அந்தக் கணக்கு இடிந்துவிடும். அதனால்தான் ரத்து செய்து புதிதாக வாங்கு என்கிறார்கள், அதற்கும் குறுகிய அவகாசம் மட்டும்.

கடிதத்துல என்ன எழுதணும்? காரணம் சொல்லணுமா?

காரணம் கேட்பார்கள். "என் மனைவிக்குப் பென்ஷன் தொடராது என்பதைப் பாலிசியைப் படித்த பிறகே அறிந்தேன், இந்த நிபந்தனை எனக்கு ஏற்புடையதல்ல, ஃப்ரீ லுக் விதியின்படி ரத்து செய்யவும்" என்று ஒரு பத்தி போதும். அழுது புலம்ப வேண்டியதில்லை. பாலிசி எண், ஆவணம் வந்த தேதி, என்பிஎஸ் என்றால் உங்கள் கணக்கு எண்ணான பிரான், கையெழுத்து. அசல் பத்திரம் காகிதமாக வந்திருந்தால் அதையும் திருப்பிக் கொடுங்கள், நகல் எடுத்த பிறகு.

கிளையில் நேரில் கொடுத்தால் தேதி முத்திரையுடன் ஒப்புகை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். "நாளைக்கு மேனேஜர் வருவார், பார்த்துக்கலாம்" என்பது கிளைகளில் சகஜம்; எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி மூன்று நாளை இழந்திருக்கிறார். அதே மாலை, கடிதத்தின் படத்தை நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிடுங்கள். கோரிக்கை கிடைத்து ஏழு நாளுக்குள் பணம் திருப்ப வேண்டும் என்பது ஐஆர்டிஏஐயின் 2024 உத்தரவு.

முப்பது நாள் போயிடுச்சு. சரண்டர் பண்ணிக்கலாம்ல?

சரண்டர் என்றால் பாலிசியை நிறுவனத்திடம் ஒப்படைத்து அதன் மதிப்பைப் பணமாக வாங்குவது. அது சில ஆப்ஷன்களில் மட்டும். மேலே சொன்ன ஜீவன் அக்ஷய் 7ஐ எடுத்துக்கொண்டால், இறந்த பிறகு கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் எஃப், ஜே ஆகிய இரண்டு ஆப்ஷன்களுக்கு மட்டும் சரண்டர் உண்டு. பாலிசி தொடங்கி மூன்று மாதமோ ஃப்ரீ லுக் முடிவதோ, எது பின்னால் வருகிறதோ அதற்குப் பிறகு. திருப்பித் தர எதுவுமில்லாத ஆப்ஷன்களுக்குச் சரண்டர் மதிப்பும் இல்லை. இதிலுள்ள சோகம் என்னவென்றால், வருந்தி ஓடி வருகிறவர்களில் பெரும்பாலோர் எடுத்திருப்பது இந்த இரண்டாம் வகை.

சரண்டரில் கட்டிய பணம் முழுதாக வரும் என்றும் எண்ண வேண்டாம். அந்தந்தக் காலத்தின் வட்டி நிலவரத்தையும் வயதையும் வைத்து நிறுவனம் போடும் மதிப்புதான் வரும். என்பிஎஸ் பணத்தில் வாங்கிய பாலிசி என்றால், சரண்டர் இருக்கிறது என்ற நம்பிக்கையில் எதையும் திட்டமிடாதீர்கள். பத்திரத்தின் சரண்டர் பத்தியைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

நான் படிவத்துல டிக் பண்ணது ஒண்ணு, பாலிசியில வந்திருக்கிறது ஒண்ணு. இதுக்கும் முப்பது நாள் கணக்குதானா?

இது வேறு விஷயம். நீங்கள் மனம் மாறினால் ஃப்ரீ லுக். அவர்கள் தவறாக ஏற்றியிருந்தால் பிழைத்திருத்தம். பிழைக்குக் காலக்கெடுவைச் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பினால் ஏற்க வேண்டாம். ஆனாலும் 30 நாளுக்குள் கண்டுபிடித்தால் இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதுங்கள்: முதலில் திருத்தம் கேட்டு, அது முடியாதென்றால் ரத்து.

உங்கள் கையில் இருக்க வேண்டிய ஆதாரம், வெளியேறும்போது நிரப்பிய என்பிஎஸ் படிவத்தின் நகல். என்பிஎஸ் சந்தாதாரர்களுக்கு ஆன்யுட்டிக்கென்று தனி முன்மொழிவுப் படிவம் தேவையில்லை என்று 2021இலேயே ஆக்கிவிட்டார்கள்; அந்த வெளியேறும் படிவமே போதும். அதனால் அங்கே டிக் செய்ததுதான் இங்கே பாலிசியாகிறது. நகல் எடுக்காமல் சமர்ப்பித்துவிட்டால் வாதாட எதுவும் மிஞ்சாது.

நிறுவனம் மறுத்தாலோ ஒரு மாதம் பதில் தராமலிருந்தாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குகளை எடுப்பார்கள், மறுப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. அதற்கு முன் ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் புகார் பதிவதும் உதவும். 155255 என்ற இலவச எண்ணும் உண்டு.

சரி, முப்பது நாளுக்கு அப்புறம் எதையுமே மாத்த முடியாதா?

பென்ஷன் கணக்கைத் தொடாத விஷயங்களை மாற்றலாம். வாரிசாகக் குறித்த நாமினியை எப்போது வேண்டுமானாலும், ரத்து செய்த காசோலையைக் கொடுத்து வங்கிக் கணக்கை, முகவரியை, தொலைபேசி எண்ணை. நாமினியை மாற்றுவதால் பென்ஷன் அவருக்குத் தொடரும் என்று சிலர் நினைக்கிறார்கள். தொடராது. திருப்பித் தர வேண்டிய தொகை இருந்தால் அதைப் பெறுவதற்கு மட்டும்தான் நாமினி. பென்ஷன் தொடர வேண்டுமானால் வாங்கும்போதே இரண்டாவது ஆயுளாகப் பெயர் இருந்திருக்க வேண்டும்.

கம்பெனி டிரஸ்ட் மூலமா எனக்குப் பென்ஷன் வாங்கிக் கொடுத்திருக்காங்க. எனக்கும் முப்பது நாள் உண்டா?

ஐஆர்டிஏஐ விதி தனிநபர் பாலிசிகளைப் பற்றிப் பேசுகிறது. உங்கள் பெயரில் தனி பாலிசி வந்திருந்தால் உண்டு. டிரஸ்ட்டின் குழுப் பாலிசியில் ஒரு சான்றிதழ் மட்டும் வந்திருந்தால், அந்தச் சான்றிதழிலும் டிரஸ்ட் விதிகளிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். டிரஸ்ட்டிடம் விருப்பப் படிவம் கொடுக்கும் நாள்தான் உங்களுக்கு உண்மையான கடைசி நாள் என்று வைத்துக்கொள்வது பத்திரம்.

எங்க வீட்டுக்காரர் மத்திய அரசுப் பென்ஷனர். தம்பி பிஎஃப் பென்ஷன். அவங்களுக்கும் இந்த ஃப்ரீ லுக் இருக்கா?

இல்லை. ஃப்ரீ லுக் என்பது காப்பீட்டு ஒப்பந்தத்துக்கு மட்டும் உள்ள சொல். பிஎஃப் பென்ஷனான இபிஎஸ் 95இல், 58 வயதுக்கு முன்பே, 50க்குப் பிறகு எடுத்துக்கொண்டால் முந்தும் ஒவ்வொரு ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும். அப்படித் தொடங்கிய பென்ஷன் 58 ஆனதும் முழுசாக ஏறிவிடும் என்று தம்பி காத்திருந்தால், இப்போதே சொல்லிவிடுங்கள்: ஏறாது. மத்திய அரசில் பென்ஷனின் ஒரு பகுதியைக் கம்யூட் செய்து மொத்தமாக வாங்கினால், அந்தப் பகுதி 15 ஆண்டுக்குப் பிறகுதான் திரும்ப வரும். அதற்கும் 30 நாள் யோசிக்கும் ஏற்பாடு கிடையாது.

என்பிஎஸ், மத்திய அரசின் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டமான யூபிஎஸ் இரண்டுக்கும் இடையே குழம்புகிறவர்களும் கேட்கிறார்கள். யூபிஎஸ் எடுத்தவர் ஒரே ஒரு முறை என்பிஎஸுக்குத் திரும்பலாம், ஆனால் ஓய்வுக்கு ஓராண்டு முன்பே, விருப்ப ஓய்வென்றால் மூன்று மாதம் முன்பே. முதல் பென்ஷன் வரை போய்விட்டு மாறும் பேச்சுக்கே அங்கு இடமில்லை.

முப்பது நாளுக்குள்ள அவர் தவறிட்டா, நான் ரத்து பண்ணிக்கலாமா?

இந்தக் கேள்வியை ஒரு அம்மா கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ரத்து செய்யும் உரிமையை விதி பாலிசிதாரருக்குத் தருகிறது. அவர் இறந்துவிட்டால், அந்த ஆப்ஷனில் இறப்புக்குப் பிறகு என்ன என்று எழுதியிருக்கிறதோ அது செயல்படத் தொடங்கிவிடும். ஆயுள்வரை மட்டும் என்ற ஆப்ஷனில் அது வெறும் பூஜ்யம். அவர் உயிரோடு இருக்கும்போதே கையெழுத்திட்ட ரத்துக் கடிதம் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், உங்களுக்குச் சொல்ல ஒரு வழக்காவது இருக்கும். நிறுவனம் மறுத்தால் அந்த ஒப்புகைச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓம்பட்ஸ்மனிடம் போங்கள்.